போட்டோவில் நகை முத்திரையைப் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கிக் கிளைகளில் நகை மதிப்பீட்டாளராகப் பல வருடம் உட்கார்ந்தவன் நான். இப்போது நகையை யாரும் கொண்டுவருவதில்லை, படத்தைத்தான் அனுப்புகிறார்கள். “மாமா, இது சரியா பாருங்க” என்று ஒரு வரி, கூடவே மங்கலாக ஒரு கொக்கி. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாம் இந்தியாவில் விற்கும் தங்க நகைகளைப் பற்றியது.

படத்துல ஒரு முக்கோணம், 22K916, அப்புறம் ஏதோ ஆறு எழுத்து தெரியுது. எது என்ன?

முக்கோணம் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின், அதாவது பி.ஐ.எஸ்.ஸின் சின்னம். `22K916` என்பது தூய்மை. 22 காரட், ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம் என்று ஒரே விஷயத்தை இரண்டு விதமாகச் சொல்கிறது. கல் வைத்த நகைகளில் `18K750`, `14K585` என்றும் பார்க்கலாம். மூன்றாவதாக வரும் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த குறிதான் எச்யூஐடி. ஒவ்வொரு நகைக்கும் தனி எண், வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி.

1-7-2021 முதல் இந்த எண் நடைமுறைக்கு வந்தது. 1-4-2023-க்குப் பிறகு, ஹால்மார்க் கட்டாயமான இடங்களில், எச்யூஐடி இல்லாத நகையைக் கடைக்காரர் ஹால்மார்க் நகை என்று விற்க முடியாது. ஆக, புது நகையின் படத்தில் நீங்கள் தேட வேண்டியது மூன்றே மூன்றுதான். கடையின் பெயரோ எழுத்தோ கூட இருந்தால் இருக்கட்டும், அது இந்த மூன்றில் சேராது.

எங்க அம்மா நகையில ஆறு எழுத்து எதுவும் இல்ல. நாலஞ்சு முத்திரை வேற மாதிரி இருக்கு. போலியா?

போலி இல்லை, பழசு. தங்கத்துக்கு ஹால்மார்க் திட்டம் 2000-இல் தொடங்கியது. அப்போதிலிருந்து 2016 வரை ஐந்து குறிகள் குத்தினார்கள்: பி.ஐ.எஸ். சின்னம், `916` என்ற எண், சோதனை மையத்தின் குறி, வருடத்துக்கான ஓர் ஆங்கில எழுத்து, நகைக்கடையின் குறி. வருட எழுத்தில் `A` என்றால் 2000, `J` என்றால் 2008. 2017-இல் வருட எழுத்தை எடுத்துவிட்டு, தூய்மையைக் காரட்டோடு சேர்த்து `22K916` என்று எழுத ஆரம்பித்தார்கள். அதனால் நான்கு குறி இருந்தால் பெரும்பாலும் 2017-க்கும் 2021-க்கும் இடைப்பட்ட நகை.

இப்படிப்பட்ட பழைய முத்திரைகள் உங்களிடம் உள்ள நகையில் செல்லாமல் போய்விடவில்லை. பி.ஐ.எஸ்.ஸின் `BIS CARE` செயலியில் போட்டுச் சரிபார்க்க எண் கிடையாது, அவ்வளவுதான். குறிகளின் வகையைப் பார்த்து, பில்லில் உள்ள தேதியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். 2010 பில்லோடு வரும் நகையில் எச்யூஐடி இருந்தால் யோசிக்க வேண்டும். ஒன்று, பழைய நகையைக் கடையில் கொடுத்துப் பிறகு முத்திரை போட்டிருப்பார்கள். அல்லது பில் வேறு நகையுடையது.

முத்திரை மங்கலா இருக்கு. போட்டோ சரியில்லையா, நகையே சரியில்லையா?

முத்திரையைப் பார்க்காதீர்கள், முத்திரைக்குப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். எந்த நகையிலும், ஒரு மாதம் போட்ட நகையாக இருந்தால்கூட, மேற்பரப்பில் மயிர்க்கோடு மாதிரி கீறல்கள் இருக்கும். கொக்கியின் விளிம்பு இருக்கும், பற்றவைத்த இடத்தில் சின்ன மேடு இருக்கும். அந்தக் கீறலும் விளிம்பும் படத்தில் கூர்மையாக விழுந்திருந்து, எழுத்து மட்டும் மங்கலாக இருந்தால் மங்கல் நகையில்தான் இருக்கிறது. கீறலும் சேர்ந்து மங்கியிருந்தால் குறை படத்தில். அந்தப் படத்தை வைத்து நகையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, நல்லபடியாகவும் சரி, கெட்டபடியாகவும் சரி.

படத்து மங்கலிலேயே சில வகைகள் உண்டு. கை ஆடியிருந்தால் தங்கத்தில் தெறிக்கும் சின்ன வெளிச்சப் புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் கோடாக நீண்டிருக்கும். ஃபோகஸ் தவறியிருந்தால் அதே புள்ளிகள் வட்டமாக ஊதியிருக்கும். வளையலின் உட்பக்கத்தில் `22K` தெளிவாகவும் `916` தேய்ந்தும் தெரிந்தால் அது வளைவின் வேலை. கேமரா மிக நெருக்கத்தில் ஒரு மெல்லிய தளத்தை மட்டும்தான் கூர்மையாகப் பிடிக்கும், வளைவு அதைத் தாண்டிப் போய்விடும். எழுத்து இருக்க வேண்டிய இடமே வெள்ளையாக வெளுத்திருந்தால் ஃப்ளாஷ் அடித்திருக்கிறார்கள்.

மங்கல் நகையில்தான் என்று முடிவானால், அங்கேயும் இரண்டு விஷயத்தைப் பிரிக்க வேண்டும். தேய்மானமா, அழுக்கா? அழுக்கு எழுத்தின் பள்ளத்தில் கருப்பாகவோ மஞ்சளாகவோ உட்கார்ந்திருக்கும். நம் வீட்டு நகைகளில் மஞ்சள், குங்குமம், தேங்காயெண்ணெய், சோப்பு எல்லாம் சேர்ந்து கெட்டியாகிவிடும். கழுவினால் எழுத்து திரும்ப வரும். தேய்மானத்தில் பள்ளமே இருக்காது. சுற்றியுள்ள விளிம்பும் மழுங்கி உருண்டிருக்கும், எழுத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாது.

தேய்மானம் நியாயமானதுதானா என்று பார்ப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. முத்திரை தேய்ந்திருந்தால் அதே அளவு உராயும் மற்ற இடங்களும் தேய்ந்திருக்க வேண்டும். சங்கிலியின் வளையங்கள் புதுசுபோல முனை கூர்மையாக இருந்து, கொக்கியில் எழுத்து மட்டும் பத்து வருடம் தேய்ந்த மாதிரி இருந்தால், அந்த இடத்தை யாரோ அரத்தாலோ பாலிஷ் சக்கரத்தாலோ தொட்டிருக்கிறார்கள், அல்லது கொக்கி வேறு நகையிலிருந்து வந்தது.

பெரிசு பண்ணிப் பார்த்தா கட்டம் கட்டமா உடையுது. வாட்ஸ்அப்ல வந்த படம்.

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். முத்திரை எழுத்தின் உயரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சுருக்கும்போது முதலில் காணாமல் போவது அதுதான். அனுப்புகிறவரிடம் அதே படத்தை ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், அசல் அளவிலேயே வரும். சுருங்கிய படத்தைச் செயலிகளில் போட்டுக் கூர்மையாக்காதீர்கள். அந்தச் செயலி இல்லாத கோட்டை ஊகித்து வரைந்துவிடும். 8 அழகாக B ஆகிவிடும், நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

அப்போ எப்படிப் படம் எடுத்தா தெளிவா விழும்?

முதலில் கழுவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு, மிருதுவான பழைய டூத் பிரஷ், அவ்வளவு போதும். சாம்பல், பல்பொடி, டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம். அவை தங்கத்தைச் சுரண்டும், ஏற்கெனவே மெல்லிசான லேசர் எழுத்தை இன்னும் மெல்லிசாக்கும். முத்து, பவளம் கோத்த நகையை நனைக்காமல் துணியால் துடைத்தால் போதும்.

அப்புறம் வெளிச்சம். லேசரில் போட்ட எழுத்து, பளபளக்கும் தங்கத்தின் மேல் பனி படர்ந்த மாதிரி மங்கலான கோடு. நேர் எதிரிலிருந்து வெளிச்சம் அடித்தால் பளபளப்பு அதை முழுங்கிவிடும். பகலில் ஜன்னலோரம் கருப்புத் துணியில் நகையை வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் தங்கம் இருண்டு எழுத்து மட்டும் வெளுத்துத் தெரியும், அல்லது நேர்மாறாக. அந்த இடத்தில் நிறுத்திப் படம் எடுங்கள். வெயில் நேராக அடித்தால் ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டால் போதும்.

எல்லோரும் செய்யும் தப்பு, போனை நகைக்கு மேல் ஒட்டிக்கொண்டு எடுப்பது. பல போன் கேமராக்களால் அவ்வளவு நெருக்கத்தில் ஃபோகஸ் பிடிக்க முடியாது. ஒரு ஜாண் தூரத்தில் வைத்து, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். நகை ஆசாரிகள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் கிடைத்தால் அதைக் கேமராவுக்கு முன்னால் பிடித்து எடுக்கலாம். போனை இரண்டு புத்தகத்தின் மேல் சாய்த்து, டைமர் வைத்து எடுத்தால் கை ஆட்டமும் போய்விடும்.

ஒரு படம் போதாது. திருப்பித் திருப்பி ஐந்தாறு எடுங்கள். ஒன்றில் தெரியாத எழுத்து இன்னொன்றில் தெரியும்.

எச்யூஐடியில ஒரே ஒரு எழுத்து 8-ஆ B-யான்னு தெரியல. ரெண்டையும் போட்டுப் பார்க்கலாமா?

போட்டுப் பார்க்கலாம், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. என் அத்தை மகன் கதையைச் சொல்கிறேன்.

தெரிந்தவர் ஒருவர் அவசரத்துக்கு விற்கிறார் என்று 3 சவரன் சங்கிலியின் படத்தை அனுப்பினான். கொக்கியின் தட்டையான பக்கத்தில் முக்கோணமும் `22K916`-உம் நன்றாகத் தெரிந்தன. ஆறு எழுத்தில் நான்கு தெளிவு. நடுவில் ஒன்று 8 அல்லது B. கடைசி எழுத்து 0, O, D மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். இரண்டை மூன்றால் பெருக்கினால் ஆறு வாய்ப்புகள். பையன் ஆறையும் `BIS CARE` செயலியில் `Verify HUID` பகுதியில் வரிசையாகப் போட ஆரம்பித்தான். நான்குக்குப் பதிவே இல்லை. ஐந்தாவதில் பதிவு வந்தது. “மாமா, கிடைச்சிருச்சு!” என்று உடனே போன்.

வந்த பதிவைப் படித்துக் காட்டச் சொன்னேன். நகை வகை: மோதிரம். அவன் கையில் இருப்பதோ சங்கிலி. ஆறாவதைப் போடச் சொன்னேன். சங்கிலி என்று வந்தது, தூய்மை 22 காரட், ஹால்மார்க் போட்ட தேதி 2022. விற்பவர் சொன்ன வருடமும் அதுதான், கடைப் பெயரும் அவர் சொன்னதே. அதற்குப் பிறகுதான் நிம்மதி.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. 26 எழுத்தும் 10 எண்ணும் ஆறு இடத்தில் வந்தால் சுமார் 217 கோடி சேர்க்கைகள். எச்யூஐடி போட்ட நகைகளோ 40 கோடியைத் தாண்டிவிட்டன. குத்துமதிப்பாக ஐந்து ஊகத்தில் ஒன்று யாரோ ஒருவருடைய நகையில் போய் விழும். பதிவு வந்துவிட்டது என்பதற்காக நாம் சரியாகப் படித்துவிட்டோம் என்று ஆகாது. நகை வகை, தூய்மை, கடை, தேதி நான்கும் கையில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். அதேபோல, பதிவு இல்லை என்று வந்தவுடன் போலி என்று கத்தவும் கூடாது. முதலில் சந்தேகப்பட வேண்டியது நம் கண்ணைத்தான். 5-உம் S-உம், 2-உம் Z-உம், 1-உம் I-யும், 6-உம் G-யும் குழப்பும்.

இன்னொன்று, படம் தலைகீழாக இருக்கலாம். `916` என்ற எண்ணைத் தலைகீழாகத் திருப்பினாலும் `916` என்றே தெரியும், ஒரு காகிதத்தில் எழுதித் திருப்பிப் பாருங்கள். ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கே இது உறைத்தது. அதனால் `916`-ஐ வைத்து நேரா தலைகீழா என்று முடிவு செய்யாதீர்கள். `22K`-இல் உள்ள 2-ஐப் பாருங்கள், அது தலைகீழாகவும் 2 மாதிரியே இருக்கும்தான், ஆனால் K-க்கு முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பது காட்டிக்கொடுத்துவிடும். செல்ஃபி கேமராவில் எடுத்த படமாக இருந்தால் சில போன்களில் இடம்வலம் மாறியும் இருக்கும்.

செயலியில எல்லாமே ஒத்துப்போகுது. இனி தைரியமா வாங்கலாமா?

அந்த எண் உண்மையான எண் என்பது மட்டும்தான் உறுதி. அந்த எண் இந்த நகைக்குத்தான் கொடுக்கப்பட்டதா என்பதைச் செயலியால் சொல்ல முடியாது. ஒரு நல்ல சங்கிலியின் எண்ணைப் பார்த்து இன்னொரு சங்கிலியில் அப்படியே லேசரில் பொறிக்க எவனுக்கும் முடியும். செயலியில் இரண்டும் ‘சங்கிலி, 22 காரட்’ என்றுதான் வரும்.

நான் அதிகம் பார்த்தது வேறு வகை, அது மோசடியாகக்கூட இருக்க வேண்டியதில்லை. சங்கிலியில் முத்திரை கொக்கியிலோ, கொக்கி மாட்டும் வளையத்துப் பக்கத்துத் தகட்டிலோதான் இருக்கும். சங்கிலி அறுந்துபோகிறது. தெரிந்த பட்டறையில் கொடுக்கிறோம். அவர் பழைய கொக்கியையே வைத்து, நடுவில் நான்கு விரல் நீளத்துக்கு வேறு துண்டு சேர்த்துப் பற்றவைத்துக் கொடுக்கிறார். முத்திரை அசல், கொக்கி அசல், நடுவில் இருப்பது 18 காரட்டாகவும் இருக்கலாம். ஒருமுறை உறவுக்காரப் பெண்ணின் சங்கிலியில் இதைக் கண்டுபிடித்தேன். பழுது பார்த்தவர் பாலிஷ் போட்டுக் கொடுத்ததால் அந்தப் பெண்ணுக்குத் தெரியவே இல்லை. உரைகல்லில் இரண்டு இடத்தில் உரசியபோதுதான் கோட்டின் நிறம் மாறியது.

படத்தில் இதைப் பிடிக்க வேண்டுமானால் கொக்கியை மட்டும் எடுத்த படம் பயன்படாது. கொக்கியும் அதை ஒட்டிய பத்துப் பதினைந்து கண்ணிகளும் ஒரே படத்தில் வர வேண்டும். கண்ணிகளின் தடிமன் எங்காவது மாறுகிறதா, பற்றவைத்த இடத்தில் நிறம் சற்று வெளிறியிருக்கிறதா, ஒரு பகுதி மட்டும் தேயாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மாறுதல் தெரிந்தால் மோசடி என்று அர்த்தமில்லை. நகைக்கு இரண்டாவது வரலாறு இருக்கிறது, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மோதிரத்துல பாதி முத்திரைதான் இருக்கு. மீதி எங்க போச்சு?

பெரும்பாலும் அளவு மாற்றியிருக்கிறார்கள். மோதிரத்தைச் சிறிதாக்கவோ பெரிதாக்கவோ ஆசாரி வெட்டும் இடம், முகப்புக்கு நேர் எதிரே உள்ள அடிப்பக்கம். பல மோதிரங்களில் முத்திரையும் உள்பக்கம் அந்த அடிப்பகுதிக்கு அருகில்தான் இருக்கும். வெட்டிய கோடு எழுத்தின் நடுவில் போனால் `22K9` வரை நின்றுவிடும். படத்தில் அந்த இடத்தில் மெல்லிய குறுக்குக்கோடும், அதன் இருபக்கமும் கொஞ்சம் வேறு மெருகும் தெரிந்தால் சந்தேகமில்லை.

குறுக்குக்கோடு இல்லாமல் எழுத்துகள் ஓரத்திலிருந்து படிப்படியாகக் கரைந்தால் அது விரலில் உராய்ந்த தேய்மானம், அல்லது வருடா வருடம் கடையில் போட்ட பாலிஷ்.

முத்திரையே இல்ல. தங்கம் இல்லைன்னு அர்த்தமா?

அப்படி இல்லை. நம் வீடுகளில் இருக்கும் தங்கத்தில் கணிசமான பங்குக்கு முத்திரையே கிடையாது. 2000-க்கு முன் செய்தது எதற்கும் இருக்க வாய்ப்பில்லை. பழைய தங்கத்தைக் கொடுத்து ஆசாரியிடம் உட்கார்ந்து செய்த நகைக்கும் இருக்காது. ஹால்மார்க் கட்டாயம் 2021 ஜூன் 23-இல்தான், அதுவும் முதலில் 256 மாவட்டங்களில், தொடங்கியது. அதற்கு முன் ஹால்மார்க் இல்லாமல் விற்பது குற்றமே இல்லை.

கட்டாயம் வந்த பிறகும் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. 2 கிராமுக்குக் குறைவான நகைகள், குந்தன், போல்கி, ஜடாவ் வேலை செய்தவை, வருட விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டாத சின்னக் கடைகளில் விற்பவை. குழந்தைக்கு வாங்கும் குட்டித் தோடு, மூக்குத்தி, தாலியோடு கோக்கும் ஒற்றைக் குண்டு இவற்றில் முத்திரை காணோம் என்று பதறுகிறவர்கள் எடையைப் பாருங்கள்.

இதற்கு மாறாக, 2023-க்குப் பிறகு பெரிய கடையில் பில்லோடு வாங்கிய 10 கிராம் ஆரத்தில் முத்திரை இல்லை என்றால் அதற்கு யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும். முதலில் எல்லா இடமும் தேடினோமா என்று பாருங்கள். வளையலில் உட்பக்கம், ஜிமிக்கியில் தண்டு அல்லது பின்தகடு, ஆரத்தில் பதக்கத்தின் பின்புறமோ கொக்கியோ. லென்ஸ் வைத்துத் தேடியும் இல்லை என்றால் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

‘916’-னு மட்டும் இருக்கு. இன்னொன்றில் ‘KDM’-னு இருக்கு. இதெல்லாம் ஹால்மார்க்தானே?

இரண்டும் இல்லை. பி.ஐ.எஸ். சின்னம் இல்லாத `916`, செய்தவரே குத்திக்கொண்ட எண். உண்மையாகவும் இருக்கலாம், மூன்றாவது ஆள் சோதித்துச் சொன்னது அல்ல. `KDM` என்பது பற்றவைத்த விதத்தைச் சொல்லும் பெயர். காட்மியம் கலந்த தங்கப் பொடியால் பற்றவைத்தால் தூய்மை அதிகம் குறையாது, அதனால் கடைகள் அதைப் பெருமையாக விளம்பரம் செய்தன. காட்மியப் புகை பட்டறையில் வேலை செய்பவர்களின் உடம்பைக் கெடுத்ததால் அந்த முறை கைவிடப்பட்டது. மக்கள் வாயில் மட்டும் ‘கேடிஎம் நகை’ என்றால் சுத்தத் தங்கம் என்று நின்றுவிட்டது.

அண்ணன் சிங்கப்பூர்ல வாங்கிட்டு வந்தது. செயலியில எதுவும் வரல.

வராது. எச்யூஐடி இந்தியப் பதிவு. வெளிநாட்டு நகையில் `916` இருக்கும், முக்கோணம் இருக்காது. அந்தக் கடையின் பில்தான் அதற்கு ஆதாரம், பத்திரமாக வையுங்கள்.

ஆன்லைன்ல விக்கிறவர் முத்திரையோட க்ளோசப் அனுப்பினார். நம்பலாமா?

தனியாக வரும் க்ளோசப் எந்த நகையுடையது என்று யாருக்குத் தெரியும்? முழு நகையிலிருந்து தொடங்கி, நிறுத்தாமல் முத்திரைவரை நெருங்கிப் போகும் ஒரே வீடியோ கேளுங்கள். அன்றைய தேதி எழுதிய துண்டுச் சீட்டும் பக்கத்தில் இருக்கட்டும். கடைகளின் அட்டவணைப் படங்களில் முத்திரை இல்லாததைப் பெரிதாக எடுக்காதீர்கள். அந்தப் படங்களில் கீறலையும் எழுத்தையும் சேர்த்தே துடைத்து மெருகேற்றிவிடுவார்கள், பல நேரம் அது மாதிரி நகையின் படம்தான்.

நீங்களே விற்பதற்குப் படம் போடுவதாக இருந்தால் எச்யூஐடியில் இரண்டு எழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் போடுங்கள். முழு எண்ணையும் பொதுவில் போட்டால் அதை வேறொரு நகையில் பொறிக்க வழி காட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். உண்மையாக வாங்க வருகிறவருக்கு நேரில் காட்டலாம்.

எவ்வளவு பார்த்தும் சந்தேகம் தீரல. எங்க போகணும், எவ்வளவு ஆகும்?

பி.ஐ.எஸ். அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்துக்குப் போங்கள். மையங்களின் பட்டியல் பி.ஐ.எஸ். தளத்தில் ஊர்வாரியாக இருக்கிறது. கடைக்காரர்கள் மட்டும்தான் போக வேண்டும் என்றில்லை, பொதுமக்களும் நகையைச் சோதிக்கலாம். நான்கு நகைவரை 200 ரூபாய், ஐந்தோ அதற்கு மேலோ போனால் நகைக்கு 45 ரூபாய், வரி தனி.

எந்தச் சோதனை என்று கேட்டுக்கொள்ளுங்கள். கருவியில் வைத்து எக்ஸ்ரே அடித்துப் பார்ப்பது நொடியில் முடியும், நகைக்குச் சேதமில்லை. ஆனால் அது மேற்பரப்பைத்தான் படிக்கும். கனமாகத் தங்க முலாம் போட்டிருந்தால் ஏமாறும். நெருப்புச் சோதனையில் நகையிலிருந்து துளி வெட்டி உருக்கிப் பார்ப்பார்கள். அதுதான் கடைசி வார்த்தை, ஆனால் அந்தத் துளி போகும். கொக்கியை மட்டும் வைத்துப் பார்க்காமல், சங்கிலியில் மூன்று நான்கு இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள், காரணம் மேலே சொன்னதுதான்.

ஹால்மார்க் போட்ட நகையில் தூய்மை குறைந்திருந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப்போல இரண்டு மடங்கும் சோதனைச் செலவும் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டு பி.ஐ.எஸ். விதிகள் சொல்கின்றன. கணக்கைப் பாருங்கள். 24 கிராம் சங்கிலி, 916 என்று விற்றது, சோதனையில் 875 வந்தது. ஆயிரத்துக்கு 41 குறைவு. 24 கிராமுக்கு 0.984 கிராம் தங்கம் இல்லை. கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் குறை 9,840 ரூபாய், இரண்டு மடங்கு 19,680. கேட்பதற்கு உங்களிடம் இருக்க வேண்டியவை பில்லும் சோதனை மையத்தின் அறிக்கையும். பில்லில் நகையின் பெயர், எடை, தூய்மை எழுதியிருக்க வேண்டும். ‘நகை 1’ என்று மட்டும் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு எந்த நகைக்கு என்று நிரூபிக்கத் திணறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாங்கிய அன்றே, கடையை விட்டு இறங்குமுன், முத்திரையையும் பில்லையும் சேர்த்து ஒரே படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எழுத்து புதுசு, தேய்ந்திருக்காது, கடை வெளிச்சமும் நன்றாக இருக்கும்.